முந்திரி மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற முகம்

அந்த மனிதர் முதல்முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் போனில் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். துறைமுகத் தொழிலாளர் ஊர்வலச் செய்தியில் அவருடைய சங்கத்தின் பெயர் விட்டுப்போய்விட்டதாம். "விட்டுப்போச்சுன்னா நாளைக்குப் போடுதேன் அண்ணாச்சி, அதுக்காக என்னையத் தூக்குல போடுவியளா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றார். பத்திரிகை அலுவலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. காதுகுத்து விழாப் படத்தைப் போடச் சொல்லி வருகிறவர்கள் ஒரு வகை. எங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இவர் இரண்டாவது வகை என்று பார்த்ததுமே தெரிந்தது.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் சப்ளை செய்கிற ஒரு கடை, அதன் மாடியில் ஓர் அறை. மழைக்காலத்தில் கீழேயிருந்து வெங்காய வாடை ஏறி வரும். எங்கள் நாளிதழுக்கு இந்த மாவட்டத்தில் செய்தியாளர் என்றால் நான் ஒருத்திதான். அச்சுக்கும் நான்தான் எழுதுகிறேன், இணையதளத்துக்கும் நான்தான் எழுதுகிறேன். ஆனால் இணையத்தில் ஒரு செய்தியை ஏற்றுவது, திருத்துவது, எடுப்பது எல்லாம் சென்னையில் இருக்கிற இணையப் பிரிவு. ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நான் அவர்களிடம் கையேந்த வேண்டும். இதை ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். "நீங்க நெனச்சா ஒரு நிமிசம்" என்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

"என்ன வேணும்?" என்றேன்.

"மேடம், ஒரு செய்திய எடுக்கணும்" என்றார்.

போனை எடுத்து நீட்டினார். எங்கள் தளத்தின் பக்கம்தான். "கன்டெய்னரில் முந்திரி திருட்டு: லாரி டிரைவர் உள்பட மூவர் கைது." நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால், எனக்கு முந்தைய செய்தியாளர் காலத்தில் வந்த செய்தி. அதை எழுதியதும் அவர் அல்ல, போலீஸ்தான். இங்கே கைதுச் செய்தி வருகிற விதம் அப்படி. காவல்துறையின் வாட்ஸ்அப் குழுவில் குறிப்பு வரும். வயது, தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும். கூடவே படமும் வரும். பிடித்த சாமான்களை நிலையத்து வாசலில் அடுக்கி, பின்னால் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் போலீஸார் நின்று எடுத்த படம். நாங்கள் அங்கங்கே 'என்று கூறப்படுகிறது' சேர்த்து அனுப்பிவிடுவோம். கைதுக்குக் குறிப்பு வருகிறது. விடுதலைக்கு யார் குறிப்பு அனுப்புகிறார்கள்? ஒருவரும் இல்லை.

"நடுவுல நிக்கது நான்தான்" என்றார்.

படத்தில் மூன்று பேர் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார்கள். நடுவில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி. எதிரே நின்றவருக்கு முன்வழுக்கை ஏறியிருந்தது. ஆனால் அந்த மீசையும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற நிற்பும் அப்படியே இருந்தன.

உட்காரச் சொன்னேன். கதையைச் சொன்னார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பச்சை முந்திரிக்கொட்டை. கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இறக்கி எண்ணும்போது மூட்டை குறைந்தது. பிறகு ஊருக்கு வெளியே ஒரு குடோனில் முந்திரி மூட்டைகள் பிடிபட்டன. குடோன்காரர், அவருடைய ஆள், இவர் என்று மூன்று பேர்மீது வழக்கு. வருடக்கணக்கில் வாய்தா. கடைசியில் நடுவர் நீதிமன்றம் மூன்று பேரையும் விடுதலை செய்துவிட்டது. கன்டெய்னரின் சீல் உடையாமல்தான் வந்து சேர்ந்தது என்று தொழிற்சாலையின் ஆளே சாட்சி சொல்லிவிட்டார். மூட்டைகளைக் கைப்பற்றியபோது கூட இருந்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள், போலீஸ் நிலையத்தில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம் என்றார்கள். பிடிபட்டது அந்தக் கன்டெய்னர் முந்திரிதான் என்பதற்கே ஆதாரம் இல்லை.

தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் லேமினேஷன் செய்திருந்தார்.

"ஏன் இத மட்டும்?" என்று கேட்டேன்.

"கோர்ட்டு சீலு அழிஞ்சிரக் கூடாதுல்லா மேடம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அப்படிச் சிரித்ததற்காக என்மீதே எரிச்சலும் வந்தது.

"விடுதலையாயி இத்தனை நாளா வராம இப்ப ஏன் அண்ணாச்சி வாரிய?" என்றேன்.

லாரி வேலை போன பிறகு கிடைத்த வண்டியை எல்லாம் ஓட்டியிருக்கிறார். தருவைகுளத்துக்கு ஐஸ் வண்டி, உப்பளத்துக்குத் தண்ணீர் டேங்கர். போன வருடம்தான் சாயர்புரம் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அதைச் சொல்லும்போது அவர் முகமே வேறாகிவிட்டது. "லாரியில போனா வீட்டுக்கு எப்ப வருவோம்னு சொல்ல முடியாது. இது சாயங்காலம் ஆனா வீடு. புள்ளையோ ஏறும்போதே மாமான்னுதான் கூப்பிடும். அழுதுகிட்டு வார சின்னதுகளுக்குன்னு டப்பாவுல மிட்டாய் வச்சிருப்பேன். ஒண்ணு குடுத்தா வாய மூடிக்கிடும்." பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் எந்த வழிக்கு எந்த ஓட்டுநர் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். ஒரு தாய் அந்தப் பெயரையும் ஊரையும் தட்டித் தேடியிருக்கிறார். வந்தது எங்கள் செய்தி. மேலேயே வந்திருக்கிறது.

"தாளாளர் நல்ல மனுசன். தீர்ப்பக் காட்டுனேன், வாசிச்சாரு. ஆனா, 'வே, தீர்ப்பு உம்ம கையில இருக்கு, செய்தி ஊரு கையில இருக்கு. அத நெட்டுல இருந்து எடுத்துட்டு வாரும். அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்'னுட்டாரு." தீர்ப்பு நகலை என் மேசைமேல் வைத்தார். "லீவு முடிஞ்சி பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள எடுத்துட்டியன்னா போதும் மேடம். வேற ஒண்ணும் கேக்கல."

வேற ஒன்றும் கேட்கவில்லையாம். நிலாவைப் பிடித்துத் தரச் சொன்னாலும் இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்கல்லவா தெரியும்.

அவர் சொன்னதை அப்படியே நம்பி அனுப்ப முடியாது. மறுநாள் நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கு எண்ணை வைத்துத் தீர்ப்பைச் சரிபார்த்தேன். அரசு உதவி வழக்கறிஞரைப் பார்த்து, மேல்முறையீடு எதுவும் போயிருக்கிறதா என்று கேட்டேன். அது முக்கியம், விடுதலை என்று போட்டுவிட்டு மேல்கோர்ட்டில் வழக்கு கிடந்தால் நாங்கள் முட்டாளாவோம். அவர் சிரித்தார். "சாட்சியே எங்க காலை வாரிட்டுப் போயிட்டான். இதுல என்னத்த அப்பீல் போக?" என்றார். மேல்முறையீட்டுக்கான கெடுவும் முடிந்திருந்தது. இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அவருக்காக நானே தட்டினேன். செய்தியின் இணைப்பு, தீர்ப்பு நகல், அவருடைய கோரிக்கை. அப்படி முறையாகப் புகார் போனால் பதினைந்து நாளைக்குள் அவர்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்த பிடி.

சென்னையில் இணையப் பிரிவின் பொறுப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் இதில் கொடுமை. இந்த விஷயத்தில் கெட்ட மனிதர் என்று ஒருத்தர்கூட இல்லை. இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"அக்கா, செய்தியை டெலிட் பண்ற பழக்கம் நம்மகிட்ட இல்ல" என்றார். "அன்னைக்கு கைது நடந்தது உண்மைதானே? நடந்ததை நடக்கலைன்னு ஆக்க முடியாது. இவருக்கு எடுத்தா நாளைக்கு ஒரு எம்எல்ஏ வந்து நிப்பார்."

"எம்எல்ஏ வேன் ஓட்டப் போறாரா?" என்றேன்.

"சரி, தேடினா வராத மாதிரி மறைச்சு வைக்கலாம். அதுக்கும் சட்ட ஆலோசகர் சம்மதிக்கணும்."

சட்ட ஆலோசகர் சம்மதிக்கவில்லை. 'மறக்கப்படும் உரிமை' என்று ஒன்று பேசப்படுகிறது, ஒரு கோர்ட்டு உண்டு என்கிறது, இன்னொன்று அதற்குச் சட்டம் இல்லை என்கிறது, மேலே முடிவாகட்டும், நாமாக ஏன் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும் என்று நாலு வரியில் பதில் போட்டுவிட்டார். நான் விடவில்லை. காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன். என் குரலைக் கேட்டாலே அந்தப் பொறுப்பாளர் பெருமூச்சு விடுகிற நிலைக்கு வந்துவிட்டார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். செய்தி இருக்கும். ஆனால் மேலேயே தீர்ப்பு விவரம் குறிப்பாக வரும். பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் எடுக்கப்படும். படத்தில் மூன்று பேருடைய முகமும் மங்கலாக்கப்படும். மூட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்று படத்தையும் முகங்கள் மட்டும் வருகிற மாதிரி வெட்டிவிடுவதாக அவராகவே சொன்னார்.

"தலைப்புல அந்தத் 'திருட்டு' வேண்டாம் தம்பி" என்றேன் நான். "எத்தனை வருசம் அந்த ஒரு வார்த்தையச் சுமப்பாரு அவரு? அத எடுத்துருங்க."

எடுத்தார்கள். "வழக்கில் கைதான டிரைவர் விடுதலை: நீதிமன்றம் உத்தரவு." பழைய படத்தின் இடத்திலேயே, அதே பெயரில் புதுப் படத்தை ஏற்றினார்கள், அப்படிச் செய்தால்தான் பழைய இணைப்பை யார் திறந்தாலும் புதுப் படம் வரும் என்று விளக்கினார். தேடலில் பழைய தலைப்பே சில நாளைக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்று அதைப் புதுப்பிக்கச் சொல்லி அதற்கும் ஒரு கோரிக்கை போட்டார். எல்லாம் மணிமணியாகச் செய்தார். சும்மா சொல்லக் கூடாது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தத் தொழிலில் எத்தனையோ பேருடைய பெயரை ஏற்றியிருக்கிறேன், இறக்கியது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அவர் பேக்கரியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தார். "இதெல்லாம் வாங்கப்புடாது அண்ணாச்சி, ஒங்க புள்ளைகளுக்குக் குடுங்க" என்று சத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் கணினியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்தார். "எடுக்க முடியலன்னாலும் இது போதும் மேடம். இனி யாருக்குத் தெரியப் போவுது" என்றார். இணைப்பைத் தாளாளருக்கு அனுப்பிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பள்ளி திறந்து வேன் ஓடத் தொடங்கியது. அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு வேலை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குள் போகிற நேரம். துறைமுகத்துக்கும் கரைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அவரிடமிருந்து அழைப்பு வந்தபோது சுற்றிலும் ஐஸ் உடைக்கிற சத்தம். ஒன்றும் கேட்கவில்லை. "பேசுங்க அண்ணாச்சி, பேசுங்க" என்று கத்தினேன். அவர் பேசவில்லை. அழுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் வயதானவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் மூக்குக் கண்ணாடி. என்னை உட்காரச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனைத் திறந்தார்.

"நல்லது செய்யுதோம்னு நெனச்சி நான்தான் மேடம் போட்டேன்" என்றார். "பெத்தவங்க குழுவுல. 'நம்ம ஓட்டுநர் நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிட்டு, யாரும் கவலப்பட வேண்டாம்'னு எழுதி, நீங்க மாத்துன செய்தியோட லிங்க்கையும் போட்டேன்."

போனை என் பக்கம் திருப்பினார். இணைப்பை அனுப்பினால் தலைப்பும் படமும் மட்டும் கட்டமாகத் தெரியுமே, அதுதான் தெரிந்தது. மங்கலாக்கிய மூன்று முகங்கள். கீழே, வழக்கில் கைதான டிரைவர் விடுதலை.

இன்னும் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

"முகத்த மறைச்சிருக்கு" என்றார் தாளாளர். "பேரு இல்ல. என்ன வழக்குன்னும் இல்ல. நீங்களே சொல்லுங்க மேடம், எந்தக் கேசுக்கு இப்படிப் போடுவிய?"

திருடனுக்கு நாங்கள் முகத்தை மறைப்பதில்லை. கொலைகாரனுக்கு மறைப்பதில்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் வழக்கு என்றால்தான் பெயரை எடுப்போம், படத்தை மங்கலாக்குவோம், பிள்ளையை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஊரைக்கூடச் சொல்ல மாட்டோம். வருடக்கணக்காக நாங்களே அப்படிப் போட்டுப் போட்டு ஊரைப் பழக்கியிருக்கிறோம். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நாங்கள் எடுத்தது ஒவ்வொன்றும், எடுத்த இடத்தில் அதைவிட அசிங்கமான ஒன்றை வைத்துவிட்டிருந்தது. சென்னைக்காரருக்குத் தோன்றவில்லை, சரி. இத்தனை வருடம் இதே வேலையில் கிடக்கிற எனக்கு ஏன் தோன்றவில்லை?

"உள்ள வாசிச்சா முந்திரி கேசுன்னு தெளிவா இருக்கு சார்" என்றேன்.

"உள்ள யாரு மேடம் வாசிக்கா?"

அதற்கப்புறம் குழுவில் வந்ததை அவர் படித்துக் காட்டினார். ஒருவர், இப்படி ஒரு ஆளிடமா பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், விடுதலை என்றால் பணம் கொடுத்து வெளியே வந்திருப்பான் என்று எழுதியிருந்தார். கடைசியாக ஒரு தாயின் குரல்பதிவை ஒலிக்கவிட்டார். "எம்புள்ளைக்கு அந்தாளு தெனமும் மிட்டாய் குடுத்தாராம் சார். நான் கேட்டதுக்கப்புறந்தான் சொல்லுதா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது." அந்தப் பெண்ணின் குரலில் பொய் இல்லை. உண்மையாகவே நடுங்கிக்கொண்டுதான் பேசியிருந்தாள். அவளை நான் என்ன குறை சொல்ல?

"நான் அவர நம்புதேன்" என்றார் தாளாளர். "தீர்ப்ப நான் வாசிச்சவன். குழுவுலயும் எழுதிப் பாத்தேன், இது முந்திரி கேசுன்னு. 'பள்ளிக்கூடம் மூடி மறைக்கி'ன்னு எம்மேலயே பாயுதாங்க. கள்ளன்னு சொன்னாக்கூட பேசிப் புரிய வச்சிருவேன் மேடம். முந்திரிதான, புள்ளைகள ஒண்ணும் செய்ய மாட்டான்னு சொல்லலாம். இத நான் என்னன்னு பேசுவேன்?"

திரும்பி வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் உப்பளத்து வெயில் முகத்தில் அடித்தது. கறுப்புக் கண்ணாடியைக்கூடப் போடாமல் ஓட்டினேன். அலுவலகத்துக்கு வந்து சென்னைக்குப் போன் போட்டேன். பொறுப்பாளர் முழுதும் கேட்டுவிட்டு, "ஐயோ அக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். "சட்ட ஆலோசகர்கிட்ட சண்டை போட்டுட்டேன். செய்தியையே முழுசா எடுத்திடலாம்னு ஒத்துக்கிட்டார். இப்பவே எடுக்கட்டுமா?"

எதற்காக அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாரோ, அது கடைசியில் கிடைத்துவிட்டது. அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. கழற்ற மறந்திருப்பார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. வேனை நிறுத்திவிட்டார்களாம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோது, எப்போதும் ஓடி வருகிற பிள்ளை ஒன்றை அதன் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டாளாம். அதை இரண்டு முறை சொன்னார்.

"அண்ணாச்சி, செய்திய முழுசா எடுத்துரலாம்ங்காங்க" என்றேன். "ஒங்களுக்குச் சம்மதம்னா இப்பவே எடுத்துருவாங்க."

நான் எதிர்பார்த்தது போல அவர் முகம் மாறவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எடுத்துறாதீய."

"ஏன்?"

"அந்தப் படம் எல்லாரு போன்லயும் கெடக்கு மேடம். முகத்த மறைச்ச படம். எங்க தெருவுல வரைக்கும் வந்துட்டு. இப்ப நீங்க செய்திய எடுத்துட்டியன்னா, 'பாத்தியா, எடுத்துட்டான்'ம்பாங்க. இது அந்தக் கேசு இல்லன்னு காட்டுததுக்கு எங்கையில ஒண்ணும் இருக்காது. பழசையே போட்டுருங்க. எம்மொகம் தெரியணும். பேரும் இருக்கட்டும். அந்தத் 'திருட்டு'ங்கதையும் மறக்காமப் போட்டுருங்க."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து, "வீட்ல என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எம்பொண்டாட்டி ஒண்ணும் கேக்கல" என்றார். "கேட்டா நல்லாருக்கும்."

சென்னையை அழைத்தேன். தலைப்பையும் பெயரையும் திருப்பிப் போடலாம், தீர்ப்பு விவரம் மேலே இருக்கட்டும் என்றார் பொறுப்பாளர். படத்தில்தான் சிக்கல். பழைய படத்தின் மேலேயே புதியதை ஏற்றியதால் பழையது அழிந்துவிட்டது. தேடிப் பார்த்தார், எங்கேயும் இல்லை. எங்கள் பழைய செய்தியாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போலீஸ் குழுவில் அவ்வளவு பழையது இருக்காது. வேறு ஏதோ ஒரு தளத்தில் எங்களிடமிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் குறுக்கே அவர்களுடைய பெயரைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை.

நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் தன் போனை எடுத்தார்.

"எங்கிட்ட இருக்கு மேடம்."

செய்தி வந்த அன்றைக்கே சொந்தக்காரர் ஒருவர் அவர் வீட்டுக்கு அனுப்பிய படம். ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறது. அழிக்காமல் ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் அதை எனக்கு அனுப்பினார். நான் சென்னைக்கு அனுப்பினேன். மற்ற இரண்டு பேரை வெட்டிவிட்டு இவரையும் மூட்டைகளையும் மட்டும் வைக்கச் சொன்னேன்.

பக்கம் மாறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே கடையில் ஏதோ ஒரு கப்பலுக்கு முட்டை அட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் ஏற்றுக்கொள்வாரா, பெற்றோர் ஏற்றுக்கொள்வார்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மங்கல் படம் போன இடத்துக்கெல்லாம் இது போகாது என்பது மட்டும் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

பொறுப்பாளரிடமிருந்து 'முடிந்தது' என்று செய்தி வந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். முந்திரி திருட்டு என்று தலைப்பு திரும்ப வந்திருந்தது, பக்கத்திலேயே 'விடுதலை' என்று சேர்த்திருந்தார்கள். கீழே அவர் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

அவர் தன் போனில் அதைத் திறந்து, இரண்டு விரலால் விரித்துத் தன் முகத்தைப் பெரிதாக்கினார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போனார்.

"தெளிவா இருக்கா மேடம்?"

"இருக்கு அண்ணாச்சி."

"மூட்டையும் தெரியுதுல்லா? முந்திரின்னு தெரியணும்."

தெரிகிறது என்றேன். ஒருமுறை தலையைத் தடவி விட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே நின்று, அதை ஒவ்வொருவருக்காக அனுப்பத் தொடங்கினார். முதலில் தன் மனைவிக்கு அனுப்பினார்.